பெட்ரோல் கணக்கோடு முடியாதது

திருச்சி

அன்புள்ள சுந்தரம்,

பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருந்தாய். இனி உனக்கு உட்கார நேரமிருக்காது. இங்கே எல்லோரும் நலம்.

ஐந்து வருடம் ஓடிய 110 சிசி ஸ்கூட்டர் ஒன்று விலைக்கு வருவதாகவும், பெட்ரோலுக்கு மாதம் 1,800 ரூபாய் போதும் என்றும் கணக்குப் போட்டிருக்கிறாய். மாதம் 800 கிலோமீட்டர், லிட்டருக்கு 45 கிலோமீட்டர், லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் அது சரிதான். ஆனால் மற்ற செலவெல்லாம் மாதாமாதம் வராமல் மொத்தமாக வந்து நிற்கும்.

என் வண்டியும் அதே வகை. 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றிச் சர்வீஸ் செய்ய 1,200 ரூபாய் ஆகிறது, மாதத்துக்கு 320. இரண்டு டயருக்கு 3,200 ரூபாய். 16,000 கிலோமீட்டர் உழைத்தால் மாதம் 160. பெல்ட், ரோலர், பேட்டரி, பிரேக் ஷூ ஆகியவற்றுக்கு 140 ஒதுக்கு. காப்பீட்டுக்கு 100. பெட்ரோலையும் சேர்த்து ஆகமொத்தம் மாதம் 2,500 ரூபாயைத் தாண்டும்; கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல்.

சர்வீஸைத் தள்ளிப்போட்டு மிச்சம் பிடிக்கலாம் என்று உன் கை துறுதுறுக்கும், உன்னை எனக்குத் தெரியாதா! 45 கொடுத்த வண்டி 38க்கு இறங்கினால் மாதம் மூன்று லிட்டருக்கு மேல் கூடுதலாகக் குடிக்கும். சர்வீஸில் மிச்சம் பிடித்தது பெட்ரோல் பங்கில் போய்விடும். அதனால் டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மறுபடி நிரப்பும்போது பிடித்த லிட்டரால் வகுத்துப் பார்.

மைலேஜ் குறைந்தால் முதலில் டயரில் காற்றைப் பார். பிறகு இன்ஜினை அணைத்து, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுற்று. சட்டென்று நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்ஜின் உறுமியும் வேகம் ஏறவில்லை என்றால் பெல்ட் தேய்ந்திருக்கலாம். ஏர் ஃபில்டரில் தூசி அடைத்திருந்தாலும் மைலேஜ் போகும். பழைய வண்டி என்பதால் வாங்குவதற்கு முன்பே பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று கேள். பதில் மழுப்பலாக இருந்தால் அந்த 1,500 ரூபாயை விலையில் குறைக்கச் சொல்.

காப்பீட்டில், 75 முதல் 150 சிசி வரையுள்ள வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 714 ரூபாய், வரி தனி. உன் பெயரில் விபத்துக் காப்பீட்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,200 ஆகும். இத்தனை பழைய வண்டிக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. விற்பவரிடம் எந்தக் காப்பீடு இருந்தாலும், வாங்கிய 14 நாளுக்குள் உன் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடு. முழுக் காப்பீடாக இருந்து மாற்றாமல் விட்டால், வண்டி சேதமாகும்போது இழப்பீடு கேட்பதில் சிக்கல் வரும். இழப்பீடு கேட்காததற்காக அவருக்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி உனக்கு வராது, அதைக் காட்டி விலை ஏற்றினால் மயங்காதே.

வண்டியைப் பார்க்கப் போகும் நாளைச் சொல். ஞாயிற்றுக்கிழமையானால் நானும் வருகிறேன்.

அன்புடன்,
ராகவன்