கணினிச் சேவைப் பிரிவுக்கு: அம்மாவின் கைப்பேசிக்குப் போன ஆறு எண்கள்

பல்கலைக்கழகக் கணினிச் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் இந்தப் பருவம் வெளிநாட்டில் படிக்கும் உங்கள் மாணவி எழுதுகிறேன்.

இங்குள்ள பேராசிரியருக்கு நான் ஆய்வறிக்கை அனுப்ப வேண்டிய கெடு இரவு 11.59. பதினொரு மணிக்கு மடிக்கணினியில் மெயில் செயலி 'உங்களைச் சரிபார்க்கவும்' என்றது. கடவுச்சொல்லைக் கொடுத்தேன். ஆறு இலக்கக் குறியீடு குறுஞ்செய்தியாகப் போனது, சேர்க்கையின்போது நான் கொடுத்த பழைய எண்ணுக்கு. அந்த சிம் அம்மாவிடம் இருக்கிறது.

அங்கே விடியவில்லை. அம்மா எழுந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டு, எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். தட்டினேன், தவறு என்றது. அடுத்த குறியீடு, அதுவும் தவறு. "நான்தான் தப்பாப் படிக்கிறேனாம்மா?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அவர் சரியாகத்தான் படித்தார். காரணம் எனக்கு மறுநாள்தான் புரிந்தது. வரும் அஞ்சலுக்கும் போகும் அஞ்சலுக்கும் செயலி தனித்தனியாக உள்நுழையப் பார்க்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவும் முயல்கிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் உங்கள் சேவையகம் புதுக் குறியீடு அனுப்பி, முந்தையதைச் செல்லாததாக்கியது. தொலைபேசியில் கேட்டுத் தட்டுவதற்குள் அது செத்துப்போயிருக்கும். செயலியை ஆஃப்லைனில் வைத்துவிட்டு, உலாவியில் ஒரே ஒரு முறை உள்நுழைந்திருந்தால் வேலை முடிந்திருக்கும். அதை உங்கள் திரை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். 'தவறு' என்று மட்டும் சொன்னது. அப்புறம் கணக்கையே பூட்டியது.

உதவி கேட்கும் படிவத்தைத் திறக்கவும் அதே கணக்கில் உள்நுழைய வேண்டும். எண்ணை மாற்றப் பழைய எண்ணுக்கு வரும் குறியீடு வேண்டும். 'இதை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று நீங்களே எழுதி அனுப்பும் குறியீட்டை, தூக்கத்தில் இருக்கும் தாயிடம் வாங்க வைத்துவிட்டு இதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியுமா? அறிக்கை நாற்பது நிமிடம் தாமதமாக, வேறொரு முகவரியிலிருந்து போனது. தாமதத்துக்கு மதிப்பெண் குறைந்தது.

சரிபார்ப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புது நாட்டிலிருந்து உள்நுழைந்தால் சந்தேகப்படுவது நியாயமே. குறுஞ்செய்தியை மட்டும் நம்ப வைக்காதீர்கள் என்கிறேன். குறியீடு உருவாக்கும் செயலிகள் கைப்பேசியில் சிம்மோ இணையமோ இல்லாமலே, வழக்கமாக 30 நொடிக்கு ஒரு எண்ணைக் காட்டுகின்றன. கடிகாரம் சரியாக இருந்தால் போதும். கைப்பேசி தொலைந்தால் கைகொடுக்க, முன்பே அச்சிட்டு வைத்த மாற்றுக் குறியீடுகள் உண்டு.

வெளிநாடு போகும் மாணவர்களின் பயண ஆவணங்களை வாங்கும் அன்றே இவ்விரண்டையும் பதிவு செய்துகொடுங்கள். உள்நுழையாமலே உதவி கேட்க ஒரு வழியும் வையுங்கள். அடுத்த பருவத்தில் செல்வோர் இப்போதே பெட்டி கட்டுகிறார்கள். தயவுசெய்து அவர்கள் கிளம்புவதற்குள் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி