ஆஃபர் லெட்டரோடு அந்த ஆவணங்களையும் அனுப்புங்கள்

மதிப்புக்குரிய மனிதவளத் துறைத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் கண்ணாடிக் கட்டடங்களில் பாதிக்கு இந்த மடல் பொருந்தும் என்பதால் பெயர் தேவையும் இல்லை. என் அக்கா மகளுக்கு நீங்கள் அனுப்பிய ஆஃபர் உங்களுக்கு நினைவிருக்கும். நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவைக் காட்டும் சி.டி.சி. கணக்கில் ஆண்டுக்கு 40 லட்சம். கையெழுத்துப் போடும் முன் அவள் சில கேள்விகளை மெயிலில் கேட்டிருந்தாள். "பாலிசி எல்லாம் ஜாயின் பண்ணின பிறகு போர்ட்டல்ல பார்த்துக்கலாம், 48 மணி நேரத்துல அக்செப்ட் பண்ணலைன்னா ஆஃபர் லேப்ஸ் ஆகிடும்" என்று உங்கள் ரெக்ரூட்டர் போனில் சொன்னார். சொன்னபடியே லேப்ஸ் ஆனது.

நான் வேறொரு நிறுவனத்தில் சம்பளக் கணக்கு பார்க்கிறவன். வேலையை விட்டுப் போகிறவர்களின் ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் என் மேசைக்குத்தான் வரும். தங்கள் ஆஃபரில் என்ன எழுதியிருந்தது என்று பலருக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாகப் புரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கோரிக்கை ஒன்றுதான்: ஆஃபர் லெட்டரை அனுப்பும்போதே வேரியபிள் பே விதிகள், ஊழியருக்குப் பங்கு வாங்கும் உரிமை தரும் ஈசாப் திட்டத்தின் ஆவணம், அந்த உரிமையை ஒருவருக்கு ஒதுக்கும் கிராண்ட் லெட்டரின் மாதிரி மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

அந்த 40 லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம். நிலையான சம்பளம் 26 லட்சம், வேரியபிள் பே 4 லட்சம், ஜாயினிங் போனஸ் 2 லட்சம், ஈசாப் 8 லட்சம். 26 லட்சத்துக்குள்ளேயே நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கும் கிராஜுவிட்டியும் அடக்கம். ஐந்து வருடம் வேலை பார்த்தால்தான் கிடைக்கக்கூடிய கிராஜுவிட்டியை முதல் வருடச் சம்பளத்தில் சேர்த்துக் காட்டும் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு. சரி, அது ஊர் வழக்கமாகிவிட்டது, விடுங்கள்.

வேரியபிள் பே 4 லட்சம் என்று போட்டிருக்கிறீர்கள். அது இலக்குத் தொகை என்பதும், நிறுவனத்தின் பெருக்கி ஒன்று, தனிநபர் ரேட்டிங்கின் பெருக்கி ஒன்று என இரண்டால் பெருக்கித்தான் கைக்கு வரும் என்பதும் லெட்டரில் இல்லை. நிறுவனம் 70 சதவீதம், அவள் ரேட்டிங்குக்கு 90 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 63 சதவீதம், அதாவது 2,52,000 ரூபாய். இரண்டும் நல்ல எண்களாகத்தான் தெரியும், பெருக்கினால்தான் குறைவது தெரியும். அதனால்தான் அவள், கடந்த மூன்று ஆண்டுகளில் நிறுவனத்தின் பெருக்கி எவ்வளவு இருந்தது என்று கேட்டாள். இது வியாபார ரகசியமா? உங்கள் ஊழியர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த எண் அது.

அதைவிட முக்கியமான கேள்வி தேதி பற்றியது. மார்ச் 31-இல் ஆண்டு முடிகிறது, ஏப்ரல், மே மாதங்களில் ரேட்டிங் நடக்கிறது, ஜூலைச் சம்பளத்தோடு பணம் வருகிறது. பணம் தரும் நாளில் வேலையில் இருக்க வேண்டும், நோட்டீஸ் காலத்திலும் இருக்கக் கூடாது என்பது பல இடங்களில் விதி. பன்னிரண்டு மாதம் முழுக்க வேலை பார்த்து, நல்ல ரேட்டிங்கும் வாங்கி, ஜூனில் ராஜினாமா மெயில் போட்டவருக்கு அந்த ஆண்டின் வேரியபிள் பூஜ்யம். உழைத்து முடித்த வருடத்துக்கான பணம் அது. இப்படி ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து, "சார், போன வருஷத்துக்கு உள்ளதுதானே கேக்கறேன்" என்றார். விதியைக் காட்டினேன். அதை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

ஜாயினிங் போனஸ் கதை சின்னது. 2 லட்சத்தில் 30 சதவீத வரியும் அதன் மேல் செஸ்ஸும் போக அவள் கணக்குக்கு வருவது 1,37,600. ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கேட்பது முழு 2 லட்சம். அதே நிதியாண்டுக்குள் என்றால் பேரோலில் சரிக்கட்டலாம். ஆண்டு மாறிவிட்டால் வரியாகப் போனதைத் திரும்ப வாங்குவது அவள் பாடு. திருப்பிக் கேட்பது வரிக்கு முந்தைய தொகையா, பிந்தைய தொகையா என்று கேட்டாள். பதில் இல்லை.

இப்போது ஈசாப்புக்கு வருகிறேன். நான் முக்கியமாகப் பேச வந்தது இதைத்தான்.

லெட்டரில் "32 லட்ச ரூபாய் மதிப்புள்ள ஈசாப், நான்கு ஆண்டுகளில்" என்று இருந்தது. எத்தனை ஆப்ஷன் என்ற எண்ணிக்கை இல்லை. ரெக்ரூட்டரிடம் கேட்டுக் கேட்டுத்தான் 2,000 என்று தெரிந்தது. கடைசிச் சுற்றில் முதலீட்டாளர்கள் கொடுத்த விலையான 1,600-ஐ 2,000-ஆல் பெருக்கி 32 லட்சம் ஆக்கியிருக்கிறீர்கள். ஆனால் ஆப்ஷன் என்பது பங்கு அல்ல, ஒரு குறிப்பிட்ட விலைக்குப் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை. அந்த விலை 400 ரூபாய் என்பது இன்னொரு போனில் வெளிவந்தது. அதைக் கழித்தால் ஒரு ஆப்ஷனுக்கு 1,200, மொத்தம் 24 லட்சம். மீதி 8 லட்சம் அவள் தன் பையிலிருந்து கட்ட வேண்டிய பணம். அதையும் சேர்த்து அவள் சம்பளமாகக் காட்டியிருக்கிறீர்கள். தவிர, அந்த 1,600 முதலீட்டாளர்களின் முன்னுரிமைப் பங்குக்கான விலை. நாளை நிறுவனம் விற்கப்பட்டால் வழக்கமாக அவர்கள் தங்கள் தொகையை முதலில் எடுத்துக்கொள்வார்கள். ஊழியருக்கு வருவது சாதாரணப் பங்கு.

ஆப்ஷன்கள் படிப்படியாக அவளுக்குச் சொந்தமாகும் வெஸ்டிங் நான்கு ஆண்டு என்றால் ஆண்டுக்கு 25 சதவீதம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உங்களுடையது 10, 20, 30, 40. ஆக முதல் வருட முடிவில் 200 ஆப்ஷன், உங்கள் கணக்கிலேயே 2.4 லட்சம். சி.டி.சி. தாளில் அந்த வருடத்துக்கு நீங்கள் போட்டது 8 லட்சம். "ஒரே வருஷ கிளிஃப்தான், வேற எங்கேயும் இப்படித் தரமாட்டாங்க" என்று உங்கள் ரெக்ரூட்டர் பெருமைப்பட்டாராம். கிளிஃப் என்றால் முதல் ஆப்ஷன் வெஸ்ட் ஆகும்வரை காத்திருக்க வேண்டிய காலம். கிராண்டுக்கும் வெஸ்டிங்குக்கும் இடையே குறைந்தது ஒரு வருடம் இருக்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டத்தின் கீழ் 2014-இல் வந்த விதி. அதைவிடக் குறைவாகத் தர உங்களுக்கே வழியில்லை.

அவள் இரண்டு வருடத்தில் விலகுகிறாள் என்று வையுங்கள். 600 ஆப்ஷன் வெஸ்ட் ஆகியிருக்கும். பல திட்டங்களில் இருப்பதுபோல, விலகிய நாளிலிருந்து 90 நாளுக்குள் எக்ஸர்சைஸ் செய்யாவிட்டால், அதாவது பணம் கட்டிப் பங்காக வாங்காவிட்டால், அத்தனையும் காலாவதி. எக்ஸர்சைஸ் செய்ய 600 பெருக்கல் 400, 2,40,000 ரூபாய் கட்ட வேண்டும். அதோடு முடியவில்லை. அன்றைய நியாயச் சந்தை மதிப்பை மெர்ச்சன்ட் பேங்கர் 1,000 ரூபாய் என்று மதிப்பிட்டிருந்தால், ஒரு பங்குக்கு 600 வீதம் 3,60,000 ரூபாய் அவள் சம்பள வருமானத்தில் சேர்ந்துவிடும். 30 சதவீத அடுக்கும் செஸ்ஸும் சேர்த்து 1,12,320 ரூபாய் வரி. ஆக 90 நாளுக்குள் 3,52,320 ரூபாய் ரொக்கம் புரட்ட வேண்டும். கைக்கு வருவது பங்குச் சந்தையில் விற்க முடியாத, நீங்களே திரும்ப வாங்கும் பைபேக் அறிவித்தால் ஒழிய யாரும் வாங்காத பங்கு. நாளை மதிப்பு 300-க்கு இறங்கினாலும் கட்டிய வருமான வரி திரும்பாது.

"ஸ்டார்ட்அப்னா வரியைத் தள்ளிப்போடலாமே" என்பீர்கள். 2020 நிதிச் சட்டத்தில் அந்தச் சலுகை வந்தது உண்மைதான். ஆனால் மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறையான டி.பி.ஐ.ஐ.டி.யின் பதிவு மட்டும் போதாது, அமைச்சகங்களுக்கு இடையிலான வாரியத்தின் சான்றிதழும் வேண்டும். இருந்தாலும் சுமார் ஐந்து ஆண்டு கெடு, பங்கை விற்பது, வேலையை விட்டு விலகுவது, இதில் எது முதலில் வருகிறதோ அதிலிருந்து 14 நாளுக்குள் வரி கட்டியாக வேண்டும். விலகுகிறவருக்கு அந்தச் சலுகையால் என்ன பயன், சொல்லுங்கள்.

மனம் தாங்காமல் பலர் தங்க நகையை அடகு வைத்து எக்ஸர்சைஸ் செய்கிறார்கள். இன்னும் பலர் இரண்டு வருடத்து ஆப்ஷனை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். அவை திட்டத்தின் தொகுப்புக்கே திரும்பும், அடுத்து வருகிறவரின் ஆஃபரில் மறுபடியும் லட்சமாக ஏறும். தெருவில் சீட்டு நடத்துகிறவர்கூடத் தள்ளு எவ்வளவு, பாதியில் நின்றால் என்ன ஆகும் என்று முதல் மாதமே சொல்லிவிடுகிறார்.

மொத்தப் பங்குகள் எத்தனை என்று கேட்டதற்கு "கான்ஃபிடென்ஷியல்" என்று பதில் வந்தது. 2,000 ஆப்ஷன் என்பது ஒரு கோடிப் பங்கில் 0.02 சதவீதம், பத்துக் கோடியில் 0.002. அடிப்பகுதி தெரியாமல் மேல் எண்ணுக்கு என்ன அர்த்தம்? வேடிக்கை என்னவென்றால் உங்கள் ஆண்டறிக்கைப் படிவமும், பங்கு ஒதுக்கீடு எந்த விலையில் நடந்தது என்று சொல்லும் PAS-3 படிவமும் கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணத்துக்கு யாருக்கும் கிடைக்கும். நான் எடுத்துப் பார்த்தேன். ஊர் பார்க்கலாம், உங்களிடம் வேலைக்கு வருகிறவள் மட்டும் பார்க்கக் கூடாதா?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன். ஆஃபரோடு அந்த மூன்று ஆவணங்களையும் அனுப்புங்கள். ஈசாப்பை ரூபாயில் மட்டும் காட்டாமல் எண்ணிக்கை, எக்ஸர்சைஸ் விலை, கடைசி மெர்ச்சன்ட் பேங்கர் மதிப்பு, மொத்தப் பங்குகள் ஆகிய நான்கையும் பக்கத்திலேயே எழுதுங்கள். விலகிய பிறகு எத்தனை நாள் அவகாசம், இதுவரை பைபேக் நடந்திருக்கிறதா, "தகுந்த காரணத்துக்காக நீக்கம்" என்றால் வெஸ்ட் ஆனதும் போய்விடுமா என்பதை மெயிலில் எழுத்தாகச் சொல்லுங்கள். போனில் சொன்னது எதுவும் செட்டில்மென்ட் அன்று என் மேசைக்கு வருவதில்லை. படித்துப் பார்க்க 48 மணி நேரத்துக்குப் பதில் ஒரு வாரம் கொடுங்கள்.

என் அக்கா மகள் 31 லட்சத்துக்கு வேறு இடத்தில் சேர்ந்துவிட்டாள். அங்கே திட்ட ஆவணத்தை ஆஃபரோடு அனுப்பியிருந்தார்கள். அவள் விட்டுப்போன இடத்துக்கு நீங்கள் இன்னும் ஆள் தேடுவதாக விளம்பரத்தில் பார்த்தேன். அவருக்காவது அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு பேரோல் ஊழியர்