சரசுவுக்கு: அந்தப் புது மாத்திரை பற்றி

அன்புள்ள சரசு,

கடிதம் கிடைத்தது. பேத்தி சைக்கிள் பழகி முட்டியைப் பெயர்த்துக்கொண்ட கதையைப் படித்துச் சிரித்தேன். நாம் இருவரும் வாய்க்காலில் விழுந்ததை அவளிடம் சொன்னாயா?

நீ கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்த விஷயத்துக்கு வருகிறேன். பல் துலக்கினாலே கன்னத்தில் ஷாக் அடிக்கிற மாதிரி வலி, அதற்கு நரம்பு டாக்டர் கார்பமசெபைன் கொடுத்து பத்து நாள் ஆகிறது, வலி பாதி குறைந்துவிட்டது என்கிறாய். நல்ல மாத்திரைதான். அந்த வலிக்கு முதலில் கொடுப்பதே அதைத்தான். ஆனால் என் சின்ன நாத்தனார் கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அவளுக்கும் இதே வலி, இதே மாத்திரை. பதினாறாம் நாள் காய்ச்சல், தொண்டை வலி, கண்ணில் மிளகாய்ப்பொடி பட்ட எரிச்சல். எனக்குத்தான் போன் செய்தாள். முப்பத்தோரு வருஷம் வார்டில் நர்ஸாக இருந்த நான், "வைரல் காய்ச்சலாக இருக்கும், பாரசிட்டமால் போடு" என்றேன். புதிதாக மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்கத் தோன்றவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒத்துக்கொள்ளாத மாத்திரை என்றால் முதல் நாளே காட்டிக்கொடுத்திருக்குமே என்பது அவள் கணக்கு. மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் தோல் உரிந்துபோகிற இந்த நோய் அப்படி வராது. பெரும்பாலும் முதல் நாலு வாரத்துக்குள், அதிலும் இரண்டாவது மூன்றாவது வாரத்தில், மாத்திரையை நாம் மறந்தே போன சமயத்தில்தான் வரும். இரண்டு மாதம் வரை கவனமாக இருக்க வேண்டும்.

காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் உதடு வீங்கி, வாயெல்லாம் புண். சிறுநீர் கழித்தால் எரிச்சல். நெஞ்சிலும் முகத்திலும் புள்ளிகள். பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டு அம்மை என்று சொல்ல, வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார்கள். அம்மை என்றதும் ஆஸ்பத்திரிக்கு யாரும் போகவில்லை. கார்பமசெபைன் மட்டும் காலையும் இரவும் தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் நான் போய்ப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. சின்னம்மைக் கொப்புளம் தண்ணீர்த்துளி மாதிரி தனித்தனியாக இருக்கும், அரிக்கும். இவளுக்கு அரிப்பே இல்லை, வலிதான். போர்வை பட்டால்கூட முனகினாள். புள்ளிகள் கருஞ்சிவப்பாக, நடுவில் இன்னும் கறுத்து, ஒன்றோடொன்று சேர்ந்து தொளதொளவென்று கொப்புளமாகியிருந்தன. உதட்டில் ரத்தம் உறைந்து கறுப்பாக அப்பியிருந்தது. ஈரத்துணியால் முதுகைத் துடைத்த இடத்தில், வெந்த தக்காளித் தோல் மாதிரி மேல்தோல் துணியோடு வந்துவிட்டது சரசு.

ஸ்டீவன்ஸ் ஜான்சன் சிண்ட்ரோம் என்பார்கள். தீக்காயத்தைப் பார்க்கிற மாதிரிதான் பார்க்க வேண்டும், ஏனென்றால் தோல் உரிந்தால் உடம்பின் நீரும் சூடும் வெளியேறும், கிருமி உள்ளே போகும். உயிருக்கே ஆபத்து. அவள் இருபத்து நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தாள். தோல் வளர்ந்துவிட்டது. கண்ணீர் மட்டும் சரியாகச் சுரப்பதில்லை, இன்றைக்கும் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பயந்துபோய் இப்போதே மாத்திரையை நிறுத்திவிடாதே. இது மிக அரிது. சும்மா லேசாகச் சிவந்து அரித்தால்கூட அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே டாக்டருக்கு போன் போடு, அது போதும். ஆனால் தடிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், கண் எரிச்சல், தொட்டால் தோல் வலி, கொப்புளம், இதில் ஒன்று சேர்ந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே கிளம்பிவிடு. ராத்திரி என்றாலும் காலைவரை காத்திருக்காதே. 108-ஐக் கூப்பிடு. தெருமுனை கிளினிக் வேண்டாம். தோல் டாக்டர், கண் டாக்டர், ஐ.சி.யூ. மூன்றும் உள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மாதிரியான இடத்துக்குப் போ. கண்ணை முதல் நாளே காட்ட வேண்டும். கொப்புளத்தைக் குத்தாமல், மஞ்சள், களிம்பு எதுவும் தடவாமல், சுத்தமான பருத்தித் துணி போர்த்திக்கொண்டு போனால் போதும். சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொள். ஆரம்பித்த தேதியை இப்போதே அட்டையின் பின்னால் எழுதி வை. டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

என் நாத்தனார் பர்ஸில் ஒரு சீட்டு வைத்திருக்கிறாள். கார்பமசெபைன் கூடவே கூடாது, அதன் உறவுக்கார மருந்துகளான பெனிட்டாயின், பினோபார்பிட்டால், ஆக்ஸ்கார்பசெபைனும் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது.

இன்னொன்று, உன் மூட்டுவீக்கத்துக்கு யூரிக் ஆசிட் மாத்திரை ஆரம்பிக்கப் போவதாக எழுதியிருந்தாயே, அது அலோபியூரினாலா? அதுவும் இந்த நோயைக் கொண்டுவருகிற மாத்திரைதான். இரண்டையும் ஒரே சமயத்தில் ஆரம்பிக்க வேண்டுமா என்று உன் டாக்டரிடம் கேட்டு எனக்கு எழுது. மருமகளிடமும் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடு.

அன்புடன்,
உன் விஜயா