ரத்தான சிங்கப்பூர் பயணமும் மறுக்கப்பட்ட இன்சூரன்ஸும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்த மடலை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கொழிஞ்சாம்பாறை பஸ் நிலையத்து டீக்கடையில் தொடங்கிய பேச்சு எருத்தேம்பதி, வேலந்தாவளம் தாண்டிப் பொள்ளாச்சி வரை போய்விட்டதால் எழுதுகிறேன். "அந்தக் கடையில் இன்சூரன்ஸ் என்று ஒரு காகிதத்தைக் கொடுத்துக் காசு வாங்குகிறார்கள், ஆபத்து என்று போய் நின்றால் கையை விரிக்கிறார்கள்" என்பது அந்தப் பேச்சு. சென்ற வாரம் மலேசியாவுக்கு டிக்கெட் எடுக்க வந்த பெரியவர் ஒருவர், "எல்லாம் போடு தம்பி, இன்சூரன்ஸ் மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பணத்தை எண்ணினார். என் அப்பா காலத்திலிருந்து எங்களிடம் வருகிறவர் அவர்.

முதலில் கமிஷன் விஷயம், ஏனென்றால் அதைத்தான் அதிகம் பேசுகிறார்கள். ஆம், பாலிசி விற்றால் எங்களுக்குக் கமிஷன் உண்டு. அது பிரீமியத்துக்குள்ளேயே இருக்கிறது, உங்களிடம் தனியாக ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. அந்தக் கமிஷன் பாலிசி எழுதும்போது வருவது. நிறுவனம் உங்கள் கோரிக்கையை மறுத்தால் எங்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்காது, தந்தால் எங்கள் பங்கு குறைவதும் இல்லை. பணம் தரலாமா கூடாதா என்று முடிவெடுக்கும் மேசை எங்கோ மும்பையில் இருக்கிறது. எங்களிடம் விற்கும் அனுமதி மட்டுமே இருக்கிறது. மறுத்தால் எங்களுக்கு லாபம் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். மறுப்பினால் எங்களுக்கு வந்தது இந்தக் கெட்ட பெயர் ஒன்றுதான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம், பலருக்குத் தெரிந்தவர்கள்தான்.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர் போக டிக்கெட்டும் ஓட்டலும் எங்களிடம் எடுத்தார்கள், பயண இன்சூரன்ஸும் எடுத்தார்கள். புறப்படுவதற்கு ஆறு நாள் இருக்கும்போது அந்த அக்காவின் மாமியார் கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கோயம்புத்தூர் மருத்துவமனையில் சேர்த்து அறுவை சிகிச்சை செய்தார்கள். அன்றிரவே எங்களுக்குச் செய்தி வந்தது, மறுநாள் காலையில் டிக்கெட்டையும் ஓட்டலையும் ரத்து செய்தோம். இதில் தாமதித்திருந்தால் கதை வேறாகியிருக்கும். விமானம் கிளம்பிய பிறகு சொல்வதற்குப் பெயர் ரத்து அல்ல, வராமல் போனது. தவிர்த்திருக்கக்கூடிய இழப்பை இன்சூரன்ஸ் நிறுவனம் ஏற்காது.

டிக்கெட் 96,000 ரூபாய். அதில் வரிகளும் விமான நிலையக் கட்டணங்களுமாக 14,000 ரூபாயை விமான நிறுவனம் திருப்பித் தந்தது. ஓட்டலுக்குக் கட்டிய 38,000 ரூபாயில் பாதி திரும்பியது. ஆக, எங்கிருந்தும் திரும்பாமல் நின்ற 82,000 ரூபாயும் 19,000 ரூபாயும் சேர்ந்து 1,01,000 ரூபாய்க்குத்தான் கோரிக்கை வைக்க முடிந்தது. "கட்டியது ஒன்றே கால் லட்சத்துக்கும் மேல், கேட்டதே ஒரு லட்சம்தான், மிச்சத்தைக் கடைக்காரர் விழுங்கிவிட்டார்" என்று பரவிய கதைக்கு இதுதான் விடை. வேறு வழியில் திரும்பி வரும் பணத்தை இன்சூரன்ஸ் இரண்டாம் முறை தராது. எங்கள் சேவைக் கட்டணம் எப்போதும் போலத் திரும்பாதது.

கோரிக்கைக்கு வந்த பதில் நான்கு வரி. "ஏற்கெனவே இருந்த நோயின் விளைவு என்பதால் விலக்கின் கீழ் வருகிறது, மறுக்கப்படுகிறது." விலக்கு என்றால், இன்ன காரணத்துக்குப் பணம் கிடையாது என்று பாலிசியிலேயே எழுதி வைத்திருப்பது. மாமியாருக்குப் பல வருடமாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. மருத்துவமனை டிஸ்சார்ஜ் அறிக்கையின் முதல் வரியே அதுதான். நிறுவனத்தில் படித்தவர் அந்த முதல் வரியோடு நின்றுவிட்டார் என்பது என் எண்ணம்.

அந்த அண்ணன் கோபத்தோடு கடைக்கு வந்தார். வக்கீல் நோட்டீஸ் அனுப்பப் போவதாகச் சொன்னார். கோபத்துக்கு நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நோட்டீஸுக்கு முன்னால் பாலிசிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள் என்றேன். நான் புத்தகம் என்று சொல்வது பெயரும் தேதியும் உள்ள இரண்டு பக்கச் சான்றிதழை அல்ல. மின்னஞ்சலில் கூடவே வரும், பொடி எழுத்தில் பல பக்கம் ஓடும் ஆங்கில ஆவணத்தைச் சொல்கிறேன். பெரும்பாலானோர் அதைத் திறப்பதே இல்லை. திறக்கிறவர்களும் நேராக விலக்குகள் பகுதிக்குப் போய் மனம் உடைந்து மூடிவிடுகிறார்கள். அது கடைசியில் படிக்க வேண்டிய பகுதி.

நாங்கள் படித்த வரிசை இது. முதலில் "பயண ரத்து" என்ற பிரிவு. எந்தெந்தக் காரணத்துக்குப் பணம் என்று அங்கே பெயர் சொல்லி எழுதியிருக்கும். அந்தப் பட்டியலில் உங்கள் காரணம் இல்லையென்றால் விலக்கைப் பற்றி வாதாடவே வேண்டியதில்லை. மனம் மாறியதும், அலுவலகத்தில் விடுப்பு கிடைக்காததும் சாதாரணமாகப் பட்டியலில் இருப்பதில்லை. விசா மறுப்பும் பெரும்பாலான பாலிசிகளில் அப்படித்தான். எங்கள் விஷயத்தில் "உடனடிக் குடும்ப உறுப்பினர் எதிர்பாராத நோயாலோ காயத்தாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால்" என்ற வரி இருந்தது.

அடுத்தது, சொல் விளக்கங்கள். உடனடிக் குடும்பம் என்றால் யார்? சில பாலிசிகளில் கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோரோடு நின்றுவிடும். சிலவற்றில் மாமனார், மாமியாரும் வருவார்கள். இங்கே அந்தக் கவலை பாதிதான், ஏனென்றால் மனைவிக்கு மாமியார் என்றால் கணவனுக்குத் தாய். ஆனால் அந்த அக்கா மட்டும் தனியாகப் பிள்ளைகளோடு போவதாக இருந்திருந்தால் இந்த ஒரு வரியிலேயே கோரிக்கை விழுந்திருக்கக்கூடும்.

அதே பகுதியில் "ஏற்கெனவே இருந்த நோய்" என்பதற்கும் விளக்கம் இருக்கும். பாலிசி தொடங்குவதற்கு முன் இத்தனை மாதத்துக்குள் கண்டறியப்பட்டது அல்லது சிகிச்சை பெற்றது என்று போகும் அந்த வரி. அங்கே மாதக் கணக்கை மட்டும் பார்த்தால் போதாது, யாருடைய நோய் என்று பார்க்க வேண்டும். காப்பீடு பெற்றவரின் நோய் என்று மட்டும் எழுதியிருந்தால், பயணம் போகாமல் வீட்டில் இருந்த மாமியார் காப்பீடு பெற்றவரே அல்லர், விலக்கு அவரைத் தொடாது என்று வாதாட இடம் உண்டு. எங்கள் புத்தகத்தில் "காப்பீடு பெற்றவர் அல்லது அவருடைய குடும்ப உறுப்பினர்" என்று தெளிவாக இருந்தது. அந்தக் கதவு மூடியாயிற்று. அவர்களுக்கு எழுதியது சிறிய திட்டம், சற்றுக் கூடுதல் பிரீமியத்தில் வேறொன்றும் உண்டு.

அதற்குப் பிறகுதான் விலக்கு. "ஏற்கெனவே இருந்த நோயினால் எழும்" என்று இருந்தது. நோய் இருப்பது வேறு, நோயினால் எழுவது வேறு. சர்க்கரை உள்ளவர் விழுந்தால் சர்க்கரையினால் விழுந்தார் என்று ஆகிவிடாது. கேள்வி முழுவதும் அவர் ஏன் விழுந்தார் என்பதில் வந்து நின்றது. டிஸ்சார்ஜ் அறிக்கையில் "வீட்டில் விழுந்தார்" என்றுதான் இருந்தது. ஆகவே அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் எழுதிய குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கச் சொன்னேன். யாரும் இன்சூரன்ஸைப் பற்றி யோசிக்காத நேரத்தில், கூட வந்தவர் சொல்லச் சொல்ல எழுதியது என்பதால் அதற்கு எடை அதிகம். "ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார், மயக்கம் இல்லை" என்று அதில் இருந்தது. சேர்க்கும்போது எடுத்த இரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும் கவலைக்குரியவை அல்ல. இவற்றைக் காட்டி, எலும்பு முறிவு வழுக்கி விழுந்ததால் ஏற்பட்டது என்று அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடம் ஒரு சான்றும் வாங்கினார்கள்.

அதே குறிப்பில் "தலைசுற்றி விழுந்தார்" என்று இருந்து, அழுத்தமும் எக்கச்சக்கமாக ஏறியிருந்தால், வழக்கை அங்கேயே விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். குறிப்பைத் திருத்தி வாங்கலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கூடாது. உள்ளதும் போய்விடும்.

மறுப்புக் கடிதத்தில் விதி எண் இல்லையென்றால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்று அவர்கள் காட்டியாக வேண்டும். விலக்கைக் காட்டி மறுத்தால், அது பொருந்துகிறது என்று நிரூபிப்பதும் அவர்கள் பாடுதான். மறுப்புக் கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தைப் பிற்பாடு வழக்கில் கொண்டுவர முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அதனால் அந்த நான்கு வரிக் கடிதத்தைக் கோபத்தில் கிழித்துவிடாதீர்கள், உங்கள் கையிலுள்ள நல்ல ஆயுதம் அதுதான்.

முறையீடு முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குப் போக வேண்டும். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் bimabharosa.irdai.gov.in என்ற தளத்திலும் பதியலாம், 155255 எண்ணுக்கும் பேசலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, நிறுவனத்துக்கு வெளியே இருக்கும், ஆம்புட்ஸ்மன் எனப்படும் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நிறுவனத்தின் இறுதி மறுப்பிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. மருத்துவமனை கோயம்புத்தூரில் இருந்ததால் சென்னைக்குப் போக வேண்டுமோ என்று அந்த அண்ணன் பயந்தார். நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்தே போகலாம். நம் கேரளப் பக்கத்தவர்களுக்குக் கொச்சி, பொள்ளாச்சி வாடிக்கையாளர்களுக்குச் சென்னை. பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது, அதற்கு இரண்டு வருட அவகாசம். ஆனால் அங்கே வழக்குப் போட்டுவிட்டால் குறைதீர்ப்பாளர் உங்கள் மனுவை எடுக்கமாட்டார் என்பதால் எது முதலில் என்று யோசித்துச் செய்யுங்கள்.

அந்தக் குடும்பத்தின் முறையீடு டாக்டர் சான்றோடும் அவசரப் பிரிவுக் குறிப்போடும் குறைதீர் அதிகாரிக்குப் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. வந்ததும், சாதகமோ பாதகமோ, கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்.

பேச்சு பரவிய இந்த நாட்களிலும் பழையபடி வந்து டிக்கெட் எடுத்துப் போனவர்களுக்கும், "உன் அப்பனைத் தெரியும், உன்னையும் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போன வடகரப்பதி ஐயாவுக்கும் என் நன்றியைச் சொல்ல வார்த்தை போதவில்லை. பயண ரத்துக் கோரிக்கை மறுக்கப்பட்டவர்கள், பாலிசி எங்களிடம் எடுத்தது ஆனாலும் வேறிடத்தில் எடுத்தது ஆனாலும், மறுப்புக் கடிதம், முழுப் பாலிசிப் புத்தகம், மருத்துவமனைக் காகிதங்கள் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு தவிர எந்த மாலையிலும் வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
கொழிஞ்சாம்பாறை