சேலத்துல டியூஷன் சென்டர் நடத்துற சார், மேடம் எல்லாருக்கும் ஒரு ஸ்டூடண்ட் எழுதுற மடல்

வணக்கம்ங்க.

நான் காலேஜ் படிச்சிட்டே சாயந்திரம் டியூஷன் எடுக்குற ஆளு. ஏற்காடு பஸ்ஸுல காலைல கீழ இறங்கி, ராத்திரி கடைசி பஸ்ஸுல மறுபடி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போறவன். எந்த சென்டர்னு சொல்லப் போறதில்ல. என்ன மாதிரி ஆளுங்க உங்க எல்லார் கிட்டயும் இருக்காங்க, அதனால பொதுவாவே எழுதுறேன்.

2024 ஜூன்ல சேந்தேன். மாசம் 6,000 பேசினாங்க, கைக்கு வந்தது 5,400. ஏன்னு கேட்டா "டிடிஎஸ்பா, பத்து பர்சென்ட், கவர்மெண்ட்டுக்குப் போயிரும், நீ ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கோ"ன்னாங்க. மார்ச் வரைக்கும் பத்து மாசம், மொத்தம் 60,000, அதுல பிடிச்சது 6,000. எனக்கு வேற வருமானம் எதுவும் கிடையாது. அந்த வருஷம் புது முறைல 3 லட்சம் வரைக்கும் வரியே இல்லைங்கறப்ப ஆறாயிரமும் எனக்குத் திரும்பி வரணும், அவ்வளவு தான் கணக்கு.

இங்க ஒண்ணு சொல்லிடறேன். அஞ்சு மணிக்கு வரணும், எட்டரைக்குப் போகணும், கைரேகை வைக்கணும், லீவு போட்டா பணத்தப் பிடிச்சுருவீங்க. இதுக்கு நம்ம ஊர்ல சம்பளம்னு தான் பேரு. சம்பளமா காட்டியிருந்தா வருஷம் அறுபதாயிரம் வாங்குறவன் கிட்ட பிடிக்க வரியே இல்ல. ஆனா நீங்க 194ஜே-ல புரொஃபஷனல் ஃபீஸ்னு போடறீங்க, பிஎஃப் கணக்குல வந்துருவோம்னு பயமான்னு தெரியல. அதனால தான் பத்து பர்சென்ட் போகுது, நாங்களும் சம்பளக்காரங்க போடற ஈசியான ஐடிஆர்-1 போட முடியாம ஐடிஆர்-4 தேடி உக்காரணும். வரி பிடிக்காதீங்கன்னு 15ஜி எழுதித் தரவான்னு கேட்டேன், அது பேங்க் வட்டி மாதிரி சிலதுக்குத் தான், இதுக்குச் செல்லாதுன்னுட்டாங்க. அது சரி தான்.

சரி, இப்ப மெயின் மேட்டர். ஜூன் கடைசில இன்கம்டாக்ஸ் போர்ட்டல்ல, என் பான்ல எவ்வளவு வரி வரவாகியிருக்குன்னு காட்டற 26ஏஎஸ் எடுத்துப் பாத்தேன், 4,200 தான் இருந்துச்சு. முதல் மூணு குவார்ட்டர் சரியா இருக்கு, ஜனவரி பிப்ரவரி மார்ச்சு மூணு மாசத்து 1,800 மட்டும் காணோம். சார் கிட்ட போனா சலானைக் காட்டி "கட்டிட்டேன் பாரு"ன்னாரு, உண்மையாவே கட்டியிருந்தாரு. ஆனா சலான்ல என் பேரு இருக்காதுங்க. யாருக்காகக் கட்டினீங்கன்னு சொல்றது, அதுக்கப்புறம் நீங்க குவார்ட்டருக்கு ஒருக்கா போடற 26க்யூ ஸ்டேட்மெண்ட் தான். அதுல என் பான் நம்பர்ல பக்கத்துப் பக்கத்துல இருந்த நாலும் ஏழும் இடம் மாறியிருந்துச்சு. என் 1,800 யாரோ முகம் தெரியாத ஒருத்தர் கணக்குல போய் உக்காந்திருந்துச்சு.

இத நான் எந்த ஃபாரம் போட்டும் திருத்த முடியாது. 6,000னு கிளைம் பண்ணி ரிட்டர்ன் போட்டிருந்தாலும் 26ஏஎஸ்ல இருக்குற 4,200-ஐ மட்டும் தான் குடுத்திருப்பாங்க, மிச்சத்துக்கு அப்புறம் ரெக்டிஃபிகேஷன்னு ஒண்ணு போட்டு அலையணும். திருத்தறது உங்க ஆடிட்டர் தான், ட்ரேசஸ்ங்கற டிடிஎஸ் வெப்சைட்ல இறங்கி கரெக்ஷன் ஸ்டேட்மெண்ட் போடணும். அதுக்கு நான் அஞ்சு ரோடு பக்கம் இருக்குற ஆடிட்டர் ஆபீஸுக்கு நாலு தடவை நடந்தேன். நாலாவது தடவை அங்க இருந்த அக்கா என் பான் கார்டை வாங்கி ஸ்க்ரீன் பக்கத்துல வெச்சு ஒவ்வொரு எழுத்தா படிச்சாங்க, அஞ்சு நிமிஷ வேலை. கொஞ்ச நாள்ல 26ஏஎஸ்ல முழு 6,000 வந்துருச்சு. ஆகஸ்ட்ல ரிட்டர்ன் போட்டு ஆதார் ஓடிபி-ல வெரிஃபை பண்ணேன் (முப்பது நாளைக்குள்ள பண்ணலன்னா போட்டது போடாத கணக்கு). பேங்க்ல என் பேரு இனிஷியலோட, பான்ல அப்பா பேரு முழுசா, அதனால அக்கவுண்ட் வேலிடேட் ஆகாம ஒரு வாரம் இழுத்துச்சு, அது என் தலையெழுத்து, உங்க மேல சொல்ல மாட்டேன். செப்டம்பர்ல 6,180 வந்துச்சு. அந்த 180 ஏப்ரல்ல இருந்து மாசம் அரை பர்சென்ட் வட்டி.

உங்க கிட்ட கேக்கறது ரெண்டு தான். பான் நம்பரை நோட்டுல எழுதி ஃபோன்ல படிச்சு ஆடிட்டருக்குச் சொல்லாதீங்க, கார்டு ஃபோட்டோவையே அனுப்புங்க. மார்ச் குவார்ட்டர் ஸ்டேட்மெண்ட் மே 31-க்குள்ள போட்டு, ஜூன் 15-க்குள்ள எங்க கிட்ட பிடிச்ச வரிக்கான 16ஏ சர்டிஃபிகேட் பிடிஎஃப்ப எங்க வாட்ஸ்அப்புக்குத் தட்டி விடுங்க, தப்பு இருந்தா அப்பவே கண்டுபிடிச்சுருவோம்.

2025 ஏப்ரல்ல இருந்து 194ஜே-ல வரி பிடிக்காம விடற லிமிட் 30,000 இல்ல, வருஷத்துக்கு 50,000ம்ங்க. எங்க சென்டர்ல புதுசா சேந்த தம்பிக்கு மாசம் நாலாயிரம், பன்னெண்டு மாசத்துக்கும் 48,000 தான் வருது. அவனுக்கு இந்த மாசமும் நானூறு பிடிச்சிருக்கீங்க சார், கொஞ்சம் பாருங்க.