பெயின்டிங் வேலை: பேசி முடித்ததை எழுத்தில் உறுதி செய்கிறோம்

அனைவருக்கும் வணக்கம்.

ஞாயிறு காலை மொட்டை மாடியில் கான்ட்ராக்டரிடம் வாய்வார்த்தையாகப் பேசி முடித்ததை எழுதி, வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அன்று இருந்த ஏழு பேரும் படித்துப் பார்க்கவும்.

1. வெளிச்சுவர் முழுவதும் ஒரு கோட் பிரைமர், அதன் மேல் இரண்டு கோட் எமல்ஷன். "இரண்டு கோட்" என்று மட்டும் எழுதினால் பிரைமரையும் சேர்த்து எண்ணிவிடலாம். அதனால் பிரித்து எழுதியுள்ளேன்.
2. சதுர அடிக்கு 22 ரூபாய். பெயின்ட், கூலி, சாரம், ஜிஎஸ்டி எல்லாம் இதில் அடக்கம்.
3. அளவு: ஜன்னல், கதவு இடங்களைக் கழித்தே கணக்கு என்பது என் நினைவு. கழிக்க வேண்டாம் என்று பேசியதாக இரண்டு பேர் சொல்கிறார்கள். நம் கட்டடத்தில் இது சுமார் 900 சதுர அடி, அதாவது 19,800 ரூபாய் வித்தியாசம். இதை அவரிடம் கேள்வியாகவே கேட்கிறேன்.
4. பணம்: முன்பணம் 30%, பிரைமர் முடிந்ததும் 40%, மீதி வேலை முடிந்து பார்த்த பிறகு.
5. விரிசல் அடைப்பது பற்றி அன்று பேசவே இல்லை. பேசாததை ஒப்புக்கொண்டதாக எழுத முடியாது. அதற்குத் தனியாக விலை கேட்போம்.

செய்ய வேண்டியது: வியாழன் இரவு 8 மணிக்குள் "சரி" என்றோ, எந்த எண்ணில் மாற்றம் என்றோ இங்கேயே பதில் போடுங்கள். அவரிடம் யாரும் தனியாகப் போனில் பேச வேண்டாம். அவர் எழுத்தில் "சம்மதம்" என்று பதில் அனுப்பும்வரை முன்பணம் தரமாட்டோம்.

- செயலாளர்