புகார்: 2+2 என அமைத்த etcd கிளஸ்டர் ஒரே ஸோன் விழுந்ததும் நின்றது குறித்து

பெறுநர்: தொழில்நுட்ப ஆதரவுப் பிரிவு மேலாளர்
பொருள்: நான்கு நோடு "உயர் நிலைப்பு" திட்டத்தில் உள்ள வடிவமைப்புப் பிழை

ஐயா / அம்மையீர்,

எங்கள் etcd கிளஸ்டர் முன்பு மூன்று ஸோன்களில் தலா ஒரு நோடாக இருந்தது. உங்கள் பரிந்துரையின் பேரில் கூடுதல் கட்டணம் கட்டி நான்கு நோடு திட்டத்துக்கு மாறினோம். நீங்கள் அந்த நான்கையும் இரண்டே ஸோன்களில் இரண்டிரண்டாக வைத்தீர்கள். அவற்றில் ஒரு ஸோன் விழுந்ததும் எழுதும் பணி முழுவதும் நின்றுபோனது. "பாதி நோடு உயிரோடுதானே இருக்கிறது, சற்று நேரத்தில் சரியாகிவிடும்" என்று உங்கள் ஆதரவுப் பொறியாளர் பதில் எழுதினார். பாதி என்பதுதான் இங்கே கோளாறே.

etcd ஒரு பதிவை ஏற்க மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் சம்மதிக்க வேண்டும். மூன்று நோடில் அது இரண்டு, நான்கில் மூன்று, ஐந்திலும் மூன்றுதான். ஆக, மூன்று நோடும் ஒரு இழப்பைத்தான் தாங்கும், நான்கு நோடும் ஒரு இழப்பைத்தான் தாங்கும். நான்காவது நோடு தாங்கும் திறனைக் கூட்டவில்லை, கெடுவதற்கான வழிகளைத்தான் கூட்டியது. மூன்று நோடில் எந்த இரண்டு ஒருசேர விழுந்தாலும் கிளஸ்டர் நிற்கும். அப்படி மூன்று ஜோடிகள் உண்டு. நான்கு நோடில் ஆறு ஜோடிகள். நாங்கள் கூடுதலாகக் கட்டிய பணத்துக்கு ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பானது.

அதைவிட மோசம், நீங்கள் அவற்றை வைத்த இடம். 2+2 என்று வைத்தால் எந்த ஸோன் போனாலும் மிஞ்சுவது இரண்டு, தேவை மூன்று. ஸோன்கள் உயிரோடிருந்து, நடுவிலுள்ள இணைப்பு மட்டும் அறுந்தாலும் இதே கதிதான்: இரு பக்கமும் பெரும்பான்மை இல்லாததால் இரு பக்கமும் லீடர் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். ஒற்றைப்படை எண்ணில் இரண்டாகப் பிரிந்தால் ஒரு பக்கம் கட்டாயம் பெரிதாக இருக்கும். முன்பிருந்த 1+1+1 அமைப்பில் இதே ஸோன் விழுந்திருந்தால், லீடரே அங்கிருந்தாலும், மீதி இரண்டும் சில நொடிகளில் புதிய லீடரைத் தேர்ந்து வேலையைத் தொடர்ந்திருக்கும்.

மிஞ்சிய இரு நோடுகளிலும் தனித்தனியே ஓட்டி, அவற்றின் நிலையை நாங்கள் பார்த்த கட்டளை:

```
etcdctl endpoint status -w table
```

இரண்டுமே பதில் தந்தன. பிழை நெடுவரிசையில் `etcdserver: no leader` என்று இருந்தது. உங்கள் கண்காணிப்புத் திரை நோடு உயிரோடிருக்கிறதா என்பதை மட்டும் பார்ப்பதால் பச்சையே காட்டியது. அடுத்ததாக உங்கள் பொறியாளர் `etcdctl member remove` போட்டு, இறந்த இரண்டையும் நீக்கப் பார்த்தார். உறுப்பினரை நீக்குவதும் கிளஸ்டர் வாக்களித்து ஏற்க வேண்டிய ஒரு பதிவுதான். பெரும்பான்மை இல்லாதபோது அது நேரம் கடந்து தோற்கத்தான் செய்யும். தோற்றது.

பிறகு `--force-new-cluster` பற்றிப் பேச்சு வந்தது. அதை நாங்கள்தான் நிறுத்தினோம். மறுபக்கம் இறந்துவிட்டதா, இணைப்பு மட்டும் போயிற்றா என்று உங்களுக்கே தெரியாத நேரம் அது. இன்னொருவர் மறுபக்கத்திலும் அதையே போட்டிருந்தால், ஒரே தரவுக்கு இரண்டு கிளஸ்டர்கள் தனித்தனியே எழுதத் தொடங்கியிருக்கும். பிறகு அவற்றை ஒன்றுசேர்க்க வழியே இல்லை. ஸோன் திரும்பும்வரை காத்திருந்ததால் தரவு பிழைத்தது.

நோடு எண்ணிக்கையை ஐந்தாக்கி அதே இரு ஸோன்களில் 3+2 என வைப்பதாக இப்போது சொல்கிறீர்கள். அதை ஏற்க முடியாது. மூன்று இருக்கும் ஸோன் விழுந்தால் கதை முடிந்தது. இரண்டு ஸோனில் எத்தனை நோடு வைத்தாலும், ஏதாவது ஒன்றில் பாதியோ பாதிக்கு மேலோ இருந்தே தீரும். அந்த ஸோனின் இழப்பைத் தாங்க எந்தக் கணக்கும் உதவாது.

எங்கள் கோரிக்கை இது. எங்களை மூன்று ஸோன்களில் 2+2+1 என ஐந்து நோடுக்கு மாற்றுங்கள். எந்த ஸோன் போனாலும் குறைந்தது மூன்று மிஞ்சும். ஆனால் இரண்டிருந்த ஸோன் போனால் மிஞ்சுவது சரியாக மூன்றுதான், கையிருப்பு எதுவும் இல்லை. எனவே ஒரு ஸோன் கீழே இருக்கும்போது உங்கள் தானியங்கிப் பராமரிப்பு எந்த நோடையும் மறுதொடக்கம் செய்யக் கூடாது. இதை ஒப்பந்தத்தில் எழுதித் தாருங்கள். பழுதான நோடுக்கு மாற்று வைக்கும்போது அது அதே ஸோனில்தான் எழ வேண்டும். வசதிக்காக வேறு ஸோனில் எழுப்பினால் 2+2+1 ஓசையின்றி 3+1+1 ஆகிவிடக்கூடும், அடுத்த ஸோன் விழும்வரை யாருக்கும் தெரியாது.

திட்டத்தை மாற்றிய நாளிலிருந்து வாங்கிய கூடுதல் கட்டணத்தைத் திருப்பித் தரவும், "உயர் நிலைப்பு" என்ற பெயரை நான்கு நோடு திட்டத்திலிருந்து நீக்கவும் வேண்டுகிறோம். பதிலை ஏழு வேலை நாட்களுக்குள் எழுத்தில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
உள்கட்டமைப்புக் குழு